24 புகைப்படங்கள், 72 எம்.பி... உங்கள் ஆன்லைன் கடை நத்தை வேகத்தில் திறப்பது ஏன்?

இன்ஸ்டாகிராமில் ஒரு சுங்குடிப் புடவை கண்ணில் படுகிறது. நிறம் பிடித்திருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. லிங்க்கைத் தொடுகிறீர்கள். வெள்ளைத் திரை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான்கு எண்ணுவதற்குள் விரல் தானாகப் பின்னால் போய்விடுகிறது. அந்தப் புடவையை அப்போதே மறந்தும் விடுகிறீர்கள்.

உங்களுக்கு இது சில நொடி எரிச்சல். அந்தக் கடையை நடத்துபவருக்கோ இது கைக்காசு. உதாரணத்துக்கு, விளம்பரத்தில் ஒரு கிளிக்குக்கு 3 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேரை வரவழைக்க 3,000 ரூபாய். அதில் பாதிப் பேர் கடை திறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டால் 1,500 ரூபாய் வீண். வீட்டிலிருந்தே புடவை, மசாலா, நகை என விற்பவர்கள் பலரும் `சேல்ஸ் டல்` என்று நினைத்து விளம்பரத்தை மாற்றுகிறார்கள், விலையைக் குறைக்கிறார்கள். ஆனால் பிரச்னை பல நேரங்களில் சரக்கில் இல்லை, கடையின் கதவில் இருக்கிறது.

அந்தக் கதவை எப்படிச் சரிசெய்வது? ஒரு சுங்குடிப் புடவைக் கடையை உதாரணமாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

கடைக்காரர் தன் போனில் திறந்து பார்த்தால் கடை எப்போதும் வேகமாகத்தான் இருக்கும். காரணம், அவர் தினமும் பத்து முறை திறக்கிறார். படங்கள் எல்லாம் ஏற்கெனவே போனில் சேமிக்கப்பட்டிருக்கும். போதாக்குறைக்கு வீட்டு வைஃபை. முதல்முறை வரும் வாடிக்கையாளரின் அனுபவம் அதுவல்ல.

எனவே வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். முடிந்தால் வீட்டில் இருக்கும் பழைய, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் பாருங்கள்.

அடுத்து, pagespeed.web.dev என்ற கூகுளின் இலவசப் பக்கத்தில் உங்கள் கடையின் முகவரியைக் கொடுங்கள். சுமாரான போனில், மெதுவான 4ஜி இணைப்பில் உங்கள் பக்கம் எப்படித் திறக்கும் என்று அது சோதித்துக் காட்டும். அதில் வரும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. LCP என்ற ஒரு வரியை மட்டும் முதலில் பாருங்கள். திரையில் இருக்கும் மிகப்பெரிய படமோ எழுத்தோ எத்தனை நொடியில் தெரிகிறது என்பதே அது. 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது, 4 நொடியைத் தாண்டினால் மோசம் என்பது கூகுளின் அளவுகோல்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இன்னொரு துப்பும் உண்டு. Ads Manager-ல் Link clicks என்று ஓர் எண் இருக்கும். Landing page views என்று இன்னோர் எண் இருக்கும். முதலாவது, லிங்க்கைத் தொட்டவர்கள். இரண்டாவது, பக்கம் திறக்கும்வரை இருந்தவர்கள். கைதவறித் தொட்டவர்களாலும் கொஞ்சம் வித்தியாசம் வரும். ஆனால் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால், உங்கள் பக்கம் மெதுவாக இருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

72 எம்.பி கணக்கு

நம் சுங்குடிக் கடையின் முதல் பக்கத்தில் 24 புடவைகள், வரிசைக்கு இரண்டாக இருக்கின்றன. எல்லாமே போனில் எடுத்து அப்படியே ஏற்றிய படங்கள். ஒரு படம் 3,000 பிக்சல் அகலம், 4,000 பிக்சல் உயரம், சுமார் 3 எம்.பி எடை. 24 படங்களுக்கு 72 எம்.பி.

பேஜ்ஸ்பீடு சோதனை எடுத்துக்கொள்ளும் மெதுவான 4ஜி என்பது நொடிக்கு 1.6 மெகாபிட். 72 எம்.பி என்பது 576 மெகாபிட். வகுத்தால் 360 நொடிகள். அதாவது, எல்லாப் படங்களும் வந்து சேர 6 நிமிடம்! நல்ல சிக்னலில் இது பல மடங்கு குறையும்தான். ஆனால் பஸ்ஸில் போய்க்கொண்டே பார்ப்பவருக்கு அந்த சிக்னல் கிடைக்குமா? அப்படியே கிடைத்தாலும், ஒரு கடையை எட்டிப் பார்த்ததற்கே அவருடைய அன்றைய டேட்டாவில் 72 எம்.பி காலி.

இத்தனைக்கும் அவ்வளவு பெரிய படம் அங்கே தேவையே இல்லை. பிரவுசர் கணக்கில் போன் திரையின் அகலம் பெரும்பாலும் 360 முதல் 412 அலகுகள். 400 என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு இரண்டு படம் என்றால் ஒன்றுக்கு 200. இன்றைய போன் திரைகளில் ஓர் அலகுக்கு 2 முதல் 3 பிக்சல் வரை இருக்கும். அதிகபட்சமாக 3 என்றே எடுத்துக்கொண்டாலும் 600 பிக்சல் அகலம் போதும். 3,000 பிக்சல் படத்தை அனுப்பினால், போன் அதை முழுதாக வாங்கி, தானே சுருக்கித்தான் காட்டுகிறது.

எனவே ஒவ்வொரு புடவைக்கும் இரண்டு அளவில் படம் தேவை. பட்டியலுக்கு 600 பிக்சல் அகலம். புடவையின் தனிப்பக்கத்தில் திரை முழுக்கத் தெரிவதற்கு 1,200 பிக்சல் அகலம். squoosh.app என்ற இலவசப் பக்கத்தில் படத்தைப் போட்டு, Resize-ல் அகலத்தைக் கொடுத்து, WebP வடிவத்தில், தரம் 75 என்று வைத்துச் சேமிக்கலாம். 600 பிக்சல் படம் தோராயமாக 60 கே.பி-க்கு வந்துவிடும். 24 படங்களும் சேர்ந்து சுமார் 1.4 எம்.பி. எங்கே 72, எங்கே 1.4!

இங்கே பலரும் செய்யும் பாதி வேலை ஒன்று உண்டு. படத்தின் எடையை மட்டும் குறைத்துவிட்டு, அளவை அப்படியே விட்டுவிடுவார்கள். 3 எம்.பி படம் 500 கே.பி ஆகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் திரையில் காட்டுவதற்காகப் போன் அந்தப் படத்தை விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் நினைவகம் வேண்டும். 3,000 பெருக்கல் 4,000 பிக்சல் என்றால் 48 எம்.பி. கோப்பு 3 எம்.பி-யாக இருந்தாலும் சரி, 500 கே.பி-யாக இருந்தாலும் சரி, விரித்தால் அதே 48 எம்.பிதான். விலை குறைந்த போன்களில் பக்கத்தை நகர்த்தும்போது திக்கித் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே படம் 600-க்கு 800 என்று இருந்தால் 2 எம்.பி-கூட ஆகாது. எனவே முதலில் அளவு, அப்புறம்தான் எடை.

உங்கள் கடையை ஒரு டெவலப்பர் உருவாக்கியிருந்தால், அவரிடம் கேட்க வேண்டியது இந்தச் சில வரிகளைத்தான்.

```html
<img src="sungudi-600.webp"
     srcset="sungudi-600.webp 600w, sungudi-1200.webp 1200w"
     sizes="50vw"
     width="600" height="800"
     loading="lazy" alt="சிவப்பு சுங்குடிப் புடவை">
```

இரண்டு அளவுப் படங்களையும் பிரவுசருக்குச் சொல்லிவிடுகிறோம். திரைக்குத் தகுந்ததை அதுவே எடுத்துக்கொள்ளும். கடைசியில் இருக்கும் `loading="lazy"`, திரைக்குக் கீழே இருக்கும் படங்களை வாடிக்கையாளர் நெருங்கும்போது மட்டும் வரவழைக்கும். அப்படியானால் முதல் பார்வைக்குத் தேவை 4 படங்கள், 240 கே.பி. அதே மெதுவான 4ஜி கணக்கில் 1.2 நொடி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. திரையில் முதலில் தெரியும் படங்களுக்கு `loading="lazy"` வேண்டாம். பார்த்த உடனே வரவேண்டிய படத்தை அது தாமதப்படுத்திவிடும். புடவையின் தனிப்பக்கத்தில் இருக்கும் முதல் படத்துக்கு `fetchpriority="high"` என்று கொடுத்தால், மற்ற படங்களைவிட அதற்குப் பிரவுசர் முன்னுரிமை தரும். `width`, `height` இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அவை இருந்தால்தான் படம் வருவதற்கு முன்பே பிரவுசர் அதற்கு இடம் ஒதுக்கும். இல்லாவிட்டால், படம் வந்ததும் பக்கம் கீழே குதிக்கும். ஒன்றைத் தொடப் போன விரல் வேறொன்றைத் தொட்டுவிடும்.

வேர்ட்பிரஸ், ஷாப்பிஃபை போன்ற தளங்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதில் பெரும்பகுதி தானாகவே நடக்கும். ஆனால் அங்கேயும் தீம் பழையதாக இருந்தாலோ, முகப்பில் ஓடும் பேனர் படத்தை வேறு வழியில் சேர்த்திருந்தாலோ, பெரிய படமே போய்க்கொண்டிருக்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

சுங்குடியின் புள்ளி மங்கினால்?

`படத்தைச் சுருக்கினால் புடவையின் அழகே போய்விடுமே` என்ற பயம் நியாயமானதுதான். அதிலும் சுங்குடியில் ஒரு சிக்கல் உண்டு. WebP வடிவம் படத்தைச் சுருக்கும்போது, வெளிச்ச விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு, நிற விவரத்தைப் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் சேமிக்கும். முகம், சாப்பாடு, வீடு போன்ற படங்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அடர்சிவப்புத் துணியில் சின்னச் சின்னப் புள்ளிகள் என்றால், புள்ளியின் ஓரத்தில் நிறம் கசிந்ததுபோலத் தெரியலாம்.

அப்படித் தெரிந்தால், ஸ்கூஷில் WebP-க்கான கூடுதல் அமைப்புகளில் Sharp RGB to YUV conversion என்ற வசதியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஓரங்கள் பெரும்பாலும் தெளிவாகிவிடும். அதற்கும் அடங்காத ஓரிரு படங்களை மட்டும் உயர்தர JPEG-ஆகவே வைத்துக்கொள்ளலாம்.

நெசவையும் முடிச்சையும் நெருங்கிப் பார்க்க விரும்புபவர்களுக்காக 2,000 பிக்சல் படம் ஒன்றும் இருக்கட்டும். ஆனால் அது `பெரிதாக்கிப் பார்க்க` என்பதைத் தொட்ட பிறகு மட்டும் வரட்டும். உண்மையில் வாங்கும் ஆர்வம் இருப்பவர்தான் அதைத் தொடுவார். அவர் ஒரு நொடி காத்திருக்கவும் செய்வார்.

படம் சரி... ஆனாலும் மெதுவா?

படங்களைச் சரிசெய்த பிறகும் பக்கம் இழுத்தால், அடுத்த சந்தேகம் கூடுதல் ஸ்கிரிப்ட்கள் மீது. ஒரு சாட் பெட்டி, `10% தள்ளுபடி` என்று குதிக்கும் பாப்-அப், சுழலும் அதிர்ஷ்டச் சக்கரம், `இப்போதுதான் ஒருவர் வாங்கினார்` என்ற அறிவிப்பு, இரண்டு மூன்று விளம்பரக் கண்காணிப்புகள்... ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நிரலை இறக்கும். படத்தைக் காட்டுவதைவிட நிரலை இயக்குவது போனின் பிராசஸருக்குக் கூடுதல் வேலை. அந்த நேரத்தில் `கார்ட்டில் சேர்` பட்டனைத் தொட்டால் அசையாது. வாடிக்கையாளர் மறுபடி தொடுவார். பிறகு பார்த்தால் கார்ட்டில் இரண்டு புடவைகள் இருக்கும்!

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு பேஜ்ஸ்பீடில் மறுபடி அளப்பதுதான். ஒரு முறை சோதித்தால் எண் கொஞ்சம் முன்பின் வரும் என்பதால், மூன்று முறை சோதித்து நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். சாட் பெட்டிக்குப் பதிலாகச் சாதாரண வாட்ஸ்அப் லிங்க் ஒன்று போதும். அதற்கு எந்த நிரலும் தேவையில்லை. இன்னொன்று, சில ஆப்களை நீக்கிய பிறகும் அவற்றின் நிரல் தீமுக்குள் தங்கிவிடும். டெவலப்பரிடம் சொல்லி அதையும் எடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் பலன் உண்டா? கூகுளுக்காக டெலாய்ட் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பா, அமெரிக்காவைச் சேர்ந்த 37 பிராண்டுகளின் மொபைல் தளங்களை ஆராய்ந்தார்கள். வேகம் 0.1 நொடி கூடியபோது, சில்லறை விற்பனைத் தளங்களில், வந்தவர்கள் வாங்குபவர்களாக மாறும் விகிதம் 8.4 சதவிகிதம் உயர்ந்திருந்தது. அவை பெரிய பிராண்டுகள். சின்னக் கடைக்கும் அதே எண் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் திசை அதுதான்.

ஒரு பட்டனின் விலை 30 கோடி டாலர்

பக்கம் திறந்துவிட்டது. புடவையும் கார்ட்டில் ஏறிவிட்டது. இனிமேல்தான் பெரிய கண்டம்!

அமெரிக்காவைச் சேர்ந்த ஜாரெட் ஸ்பூல், இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்பவர். பெயர் சொல்லாத ஒரு பெரிய ஆன்லைன் கடையின் கதையை அவர் 2009-ல் எழுதினார். அந்தக் கடையில் பொருளைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டப் போகும்போது, குறுக்கே ஒரு சின்னப் படிவம் வரும். இமெயில், பாஸ்வேர்டு, `லாகின்`, `ரெஜிஸ்டர்`. அவ்வளவுதான். புதிதாக வந்தவர்கள், `நான் பொருள் வாங்க வந்தேன், இவர்களோடு உறவு கொண்டாட வரவில்லை` என்ற மனநிலையில் எரிச்சலானார்கள். பழைய வாடிக்கையாளர்களோ பாஸ்வேர்டை மறந்திருந்தார்கள். பாஸ்வேர்டை மறுபடி கேட்டவர்களில் 75 சதவிகிதத்தினர் வாங்காமலே போனார்கள்.

செய்த மாற்றம் ஒன்றுதான். `ரெஜிஸ்டர்` பட்டனுக்குப் பதிலாக `தொடரவும்` என்ற பட்டன். வாங்குவதற்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்று அருகில் ஒரு குறிப்பு. வாங்கி முடித்தவர்கள் எண்ணிக்கை 45 சதவிகிதம் கூடியது. முதல் வருடத்தில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர்!

நம் சுங்குடிக் கடையில் இப்போது இருக்கும் வழியைப் பாருங்கள். கணக்குத் தொடங்கு, ஓ.டி.பி போடு, பெயர், இமெயில், பிறந்தநாள், முகவரி, நகரம், மாவட்டம், மாநிலம், பின்கோடு, கூப்பன், டெலிவரி முறை, பிறகு பணம். ஆறு பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் தனியாக லோடு ஆக வேண்டும்.

இதை ஒரே பக்கத்தில் அடக்கலாம். முதலில் மொபைல் எண். அடுத்து பின்கோடு. ஆறு இலக்கத்தைப் போட்டதும் மாவட்டமும் மாநிலமும் தானாக நிரம்பட்டும். ஒரே பின்கோடில் பல ஊர்கள் வருவதால் ஊர்ப்பெயரை மட்டும் அவர்களே திருத்த இடம் விடுங்கள். டெலிவரி கட்டணத்தையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் திடீரென்று 90 ரூபாய் சேர்ந்தால் யாருக்கும் கோபம் வரும். பிறகு பெயர், கதவு எண், தெரு. கடைசியாகப் பணம். கூப்பன் பெட்டியை ஒரு சின்ன லிங்க்காக மடித்துவையுங்கள். பெரிய காலிப்பெட்டியைப் பார்த்தால் கூப்பன் தேடி வெளியே போகிறவர்கள் திரும்பி வருவது சந்தேகம்தான்.

படிவத்தில் இந்த வரிகள் இருந்தால், போனில் ஏற்கெனவே இருக்கும் விவரங்கள் ஒரே தொடுதலில் நிரம்பும். எண் போட வேண்டிய இடத்தில் எண் கீபோர்டு வரும்.

```html
<input name="mobile" type="tel" autocomplete="tel-national">
<input name="pincode" inputmode="numeric" autocomplete="postal-code">
<input name="otp" inputmode="numeric" autocomplete="one-time-code">
```

இதில் ஒரு பொறி உண்டு. மொபைல் எண்ணுக்கு `10 இலக்கம்தான்` என்று படிவத்தில் கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். போன் தானாக நிரப்பும்போது முன்னால் +91 சேர்ந்துவிட்டால், கடைசி இலக்கங்கள் வெட்டப்பட்டுவிடும். வாடிக்கையாளர் கவனிக்க மாட்டார். கூரியர்காரர் அழைத்தால் எண் தவறு என்று வரும். பின்கோடிலும் இதே கதைதான். 625 001 என்று நடுவே இடைவெளியோடு ஒட்டினால் கடைசி இலக்கம் காணாமல் போகும். எனவே எதைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு, +91-ஐயும் இடைவெளியையும் பின்னணியில் நீக்கச் சொல்லுங்கள்.

`பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை`

யு.பி.ஐ-யில் பணம் கட்டும்போது வாடிக்கையாளர் உங்கள் பக்கத்திலிருந்து வேறு ஆப்புக்குப் போகிறார். நினைவகம் குறைந்த போன் என்றால், அந்த இடைவேளையில் பிரவுசரை மூடிவிடும். பணம் கட்டித் திரும்பினால் உங்கள் பக்கம் புதிதாகத் திறக்கும், கார்ட் காலியாக இருக்கும். பணம் மட்டும் போயிருக்கும். வாடிக்கையாளருக்கு இதைவிடப் பெரிய பயம் வேறு இல்லை.

பணம் வந்ததை, வாடிக்கையாளர் திரும்பி வரும் பக்கத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பேமன்ட் கேட்வே நேரடியாக உங்கள் சர்வருக்கு அனுப்பும் செய்தியை வைத்தே ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். இதற்கு வெப்ஹுக் என்று பெயர். டெவலப்பரிடம், `வெப்ஹுக் போட்டிருக்கிறீர்களா?` என்று ஒரே கேள்வி கேளுங்கள். பிறகு நீங்களே சோதித்துப் பாருங்கள். பணம் கட்டியதும் உங்கள் பக்கத்துக்குத் திரும்பாமல் பிரவுசரை மூடிவிடுங்கள். ஆர்டர் பதிவாகி, மெசேஜும் வந்தால் சரி. இதே சோதனையை இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பிரவுசரிலும் ஒருமுறை செய்யுங்கள். விளம்பரத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வாங்குகிறார்கள்.

எதைக் குறைக்கக் கூடாது?

படிகளைக் குறைக்கிறோம் என்று எல்லாவற்றையும் வெட்டிவிடவும் கூடாது. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டருக்கு ஓ.டி.பி-யை எடுத்துவிட்டால், விளையாட்டுக்கு ஆர்டர் போடுபவர்கள் கூடுவார்கள். பார்சல் திரும்பி வந்தால் போகவும் வரவும் கூரியர் செலவு கடைக்காரர் தலையில். முன்பணம் கட்டுபவருக்கு ஓ.டி.பி வேண்டாம், கேஷ் ஆன் டெலிவரிக்கு மட்டும் கேட்கலாம். பணம் கட்டுவதற்கு முன் முகவரியையும் மொத்தத் தொகையையும் ஒருமுறை காட்டும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் வாரம் படங்கள், அடுத்த வாரம் ஸ்கிரிப்ட்கள், அதற்கடுத்து படிவம் என்று போனால்தான் எது பலன் தந்தது என்று தெரியும். ஒவ்வொரு வாரமும் நான்கு எண்களைக் குறித்துவையுங்கள். பக்கத்தைப் பார்த்தவர்கள், கார்ட்டில் சேர்த்தவர்கள், படிவத்தைத் தொடங்கியவர்கள், பணம் கட்டியவர்கள். எந்த இரண்டு எண்களுக்கு நடுவே அதிகம் பேர் காணாமல் போகிறார்களோ, அடுத்து சரிசெய்ய வேண்டியது அந்த இடம்தான். பண்டிகை வாரத்தை சாதாரண வாரத்தோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

கடைசியாக ஒரு விஷயம். பேஜ்ஸ்பீடு பக்கத்தின் மேல்பகுதியில் வரும் நிஜ வாடிக்கையாளர் கணக்கு, கடந்த 28 நாள்களின் தொகுப்பு. இன்று படத்தை மாற்றிவிட்டு, நாளைக்கே அந்த எண் மாறவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். புதிய, சின்னக் கடை என்றால் அங்கே எண்ணே வராமலும் போகலாம். அப்போது கீழே இருக்கும் சோதனை முடிவையும், உங்கள் வீட்டில் இருக்கும் பழைய போனையும் நம்புங்கள். அதில் வேகமாகத் திறந்தால், வேறு எதிலும் திறக்கும்.